இன்ஸ்டாகிராம் இமெயிலை ஹேக்கர் மாற்றிவிட்டானா? ‘Revert this change’ லிங்க் எங்கெங்கே சிக்கும், எப்படி எடுப்பது

பழைய வண்ணாரப்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே, பேட்டரி, சார்ஜிங் பின் என்பதுதான் தொழில். ஆனால் எம்.சி. ரோட்டில் புடவை, நைட்டி எடுத்து வீட்டிலிருந்தே இன்ஸ்டாவில் விற்கிற பெண்கள் இந்தப் பக்கம் நிறைய. அதனால் மாதத்தில் நாலைந்து பேராவது “ஐடி போயிடுச்சு” என்று போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். கடையில் பார்த்துப் பார்த்துப் பழகிய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஹேக்கர் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் வேலை, கணக்கில் இருக்கிற இமெயிலை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போடுவது. அப்படி மாற்றியதும் இன்ஸ்டாகிராம் பழைய இமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பும். அனுப்புநர் `security@mail.instagram.com`. அதற்குள்ளே, இந்த மாற்றத்தை நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே அழுத்துங்கள் என்று ஒரு லிங்க் இருக்கும். அதன் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. `Revert this change` என்று இருக்கலாம், `Secure my account` என்றும் இருக்கலாம். வேலை ஒன்றுதான்: ஹேக்கர் போட்ட இமெயிலைத் தள்ளிவிட்டு உங்கள் இமெயிலைத் திரும்ப வைத்து, புது பாஸ்வேர்டு போடச் சொல்லும்.

அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். இந்த லிங்க் எப்போதும் உயிரோடு இருக்காது, பயன்படுத்திய பிறகு செத்தும் போகும். ஆகவே அவசரம் வேண்டும், பதற்றம் வேண்டாம். வழக்கமாக இன்ஸ்டா பார்க்கிற அதே போனில், வழக்கமான சிம் அல்லது வீட்டு வைஃபையில் செய்யுங்கள். தெரிந்த போன், தெரிந்த இடம் என்றால் சரிபார்ப்பு சுலபமாக முடியும். வேறெங்கும் போட்டிராத புது பாஸ்வேர்டு ஒன்றை முன்பே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெயில் வந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டு பழைய இன்ஸ்டா பாஸ்வேர்டேதான் என்றால், லிங்கைத் தொடுவதற்கு முன் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முன்வாசலைப் பூட்டுவீர்கள், அவன் கொல்லைப்புறமாக வருவான்.

## அறிகுறி 1: “அப்படி ஒரு மெயிலே வரலை”

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் நிற்கிறார்கள். மெயில் வந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது.

சோஷியல் டேபில் கிடக்கிறதா? ஜிமெயில் இன்ஸ்டா மெயில்களைப் பெரும்பாலும் `Social` டேபில் போட்டுவிடும். அங்கே விழுவதற்குப் பல போன்களில் மணி அடிக்காது. ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இதை அப்படியே போடுங்கள்:

```
from:security@mail.instagram.com in:anywhere
```

கடைசியில் இருக்கிற `in:anywhere` முக்கியம். சாதாரணத் தேடல் ஸ்பேமையும் குப்பைத்தொட்டியையும் பார்க்காது, இது இரண்டையும் பார்க்கும். இரண்டிலும் மெயில்கள் 30 நாள் வரைதான் இருக்கும், அப்புறம் தானாகவே அழிந்துவிடும்.

பார்க்கிற பெட்டி சரியா? போன மாதம் வந்த ஒரு அக்காவின் கதையைச் சொன்னால் புரியும். வீட்டில் புடவை வியாபாரம், பதினோராயிரம் ஃபாலோயர்கள். “தம்பி, ராத்திரி படுக்கும்போதுகூட இருந்துச்சு. காலைல பார்த்தா உள்ளேயே விடல” என்றார். முந்தின இரவு ‘காப்பிரைட் புகார்’ என்று வந்த ஒரு மெசேஜை நம்பி, அதிலிருந்த பக்கத்தில் பாஸ்வேர்டும் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருடைய ஜிமெயிலில் தேடினோம். இன்ஸ்டாவிடமிருந்து ஒரு மெயில்கூட இல்லை, இந்த வருஷம் முழுக்கவும் இல்லை, போன வருஷமும் இல்லை.

அதுதான் துப்பு. ஓடிக்கொண்டிருக்கிற கணக்குக்கு எப்போதாவது ஒரு மெயிலாவது வந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால், கணக்கு அந்த ஜிமெயிலில் திறக்கப்படவே இல்லை. “அக்கா, ஐடி யாரு ஓப்பன் பண்ணிக் குடுத்தது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க தம்பிதான். அப்ப எனக்கு மெயில் ஐடியே கிடையாது” என்றார். தம்பி திருவொற்றியூரில் இருக்கிறார். அவருடைய பழைய ஜிமெயிலில் அந்த மெயில் இரவு 11:55-க்கு வந்து, படிக்கப்படாமல் கிடந்தது.

ஆகவே வீட்டில் எத்தனை ஜிமெயில் இருக்கிறதோ அத்தனையிலும் தேடுங்கள். கணவர், பிள்ளைகள், கணக்கு திறந்து கொடுத்த தெரு முனைக் கடைக்காரர் என்று யாருடையதாகவும் இருக்கலாம். பழைய போன் வாங்கியபோது கடையில் போட்டுக் கொடுத்த ஜிமெயிலாகவும் இருக்கலாம்.

இன்ஸ்டாவின் லாகின் பக்கத்தில் `Forgot password?` அழுத்தி யூசர்நேமைக் கொடுத்தால், நடுவில் நட்சத்திரக் குறி போட்ட ஒரு இமெயிலைக் காட்டும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உங்கள் வீட்டில் யாருடையதோடும் பொருந்தவில்லை என்றால், இமெயில் மாற்றப்பட்டுவிட்டது என்பது உறுதி. பொருந்தினால் இமெயில் மாறவே இல்லை, பாஸ்வேர்டு மட்டும்தான் போயிருக்கிறது. அப்போது அங்கேயே ரீசெட் செய்துவிடலாம், இந்த லிங்க்கே தேவையில்லை. யூசர்நேமே கிடைக்கவில்லை என்றால் ஹேக்கர் அதையும் மாற்றியிருக்கலாம். உங்களோடு சாட் செய்த தோழி ஒருவரின் போனில் பழைய சாட்டைத் திறந்து பார்த்தால், மேலே இப்போதைய யூசர்நேம் தெரியும்.

அந்த ஜிமெயிலுக்குள்ளும் ஹேக்கர் இருக்கிறானா? இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இது நடக்கும். மெயில் வந்ததும் அழித்துவிடுவான், அல்லது இன்ஸ்டாவிடமிருந்து வரும் மெயிலெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டு வைப்பான். ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர்கள் தெரியாது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, `See all settings` போய், `Filters and Blocked Addresses` பாருங்கள். பக்கத்திலேயே இருக்கிற `Forwarding and POP/IMAP` டேபையும் பாருங்கள். நீங்கள் போடாத முகவரி எது இருந்தாலும் நீக்குங்கள். பிறகு `myaccount.google.com` போய், செக்யூரிட்டி பகுதியில் எந்தெந்தப் போன், கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது என்று பார்த்துத் தெரியாததை வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதை முடித்த பிறகுதான் குப்பைத்தொட்டியில் கிடக்கும் மெயிலை எடுத்து லிங்கை அழுத்த வேண்டும்.

ஜிமெயிலே திறக்கவில்லையா? அப்படியானால் முதலில் அதை மீட்க வேண்டும்: `accounts.google.com/signin/recovery`. ஜிமெயிலின் மீட்பு எண்ணையும் மீட்பு இமெயிலையும் ஹேக்கர் மாற்றியிருந்தாலும், மாற்றி 7 நாள் வரை பழைய எண்ணுக்கோ பழைய இமெயிலுக்கோ கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் கொடுக்கலாம். ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். 2 வருஷமாகத் தொடாத ஜிமெயில் என்றால் கூகுளே அதை நீக்கியிருக்கலாம். நீக்கிய முகவரியை யாரும் மறுபடி புதிதாகத் திறக்க முடியாது, நீங்களும் முடியாது. அப்போது லிங்க் வழி மூடிவிட்டது, நேராக அறிகுறி 4-இல் சொல்லியிருக்கிற `instagram.com/hacked` வழிக்குப் போங்கள்.

## அறிகுறி 2: மெயில் இருக்கிறது, ஆனால் அதுவே போலியோ என்று சந்தேகம்

சந்தேகப்படுவது சரிதான். ஒருமுறை ஏமாந்தவரிடம் அடுத்த நாளே ‘உங்கள் கணக்கை மீட்க’ என்று போலி மெயில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அனுப்புநர் பெயரை நம்பாதீர்கள், ‘இன்ஸ்டாகிராம்’ என்று யாரும் பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தட்டினால் முழு முகவரி விரியும். அது `security@mail.instagram.com` என்று எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அடுத்து லிங்கை அழுத்தாமல், விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். போகிற முகவரி திரையில் தெரியும். `https://` என்பதற்கு அப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கிற பகுதி `instagram.com` என்றே இருக்க வேண்டும், அல்லது முன்னால் புள்ளியோடு `.instagram.com` என்று முடிய வேண்டும். `instagram.com.help-center` என்று நீண்டுகொண்டே போய் வேறு எதிலோ முடிந்தால் அது இன்ஸ்டா இல்லை.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் `Show original` அழுத்துங்கள். SPF, DKIM, DMARC என்று மூன்று வரி வரும். எதிரே `PASS` இருக்க வேண்டும், DKIM வரியில் இன்ஸ்டாவின் டொமைன் இருக்க வேண்டும். இந்த மூன்றின் விரிவாக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

இங்கே ஒரு கிளை இருக்கிறது, பலரும் அதில் தடுமாறுகிறார்கள். அந்த இரவில் ஒரு மெயில் மட்டும் வந்திருக்காது. புது லாகின், பாஸ்வேர்டு மாற்றம், இமெயில் மாற்றம் என்று வரிசையாக வந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரு லிங்க் இருக்கும். நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது இமெயில் மாற்றம் பற்றிய மெயிலை. மற்றவற்றின் லிங்க் பாஸ்வேர்டை மாற்றும் பக்கத்துக்குக் கொண்டுபோனாலும், இமெயில் அவனுடையதாகவே இருந்தால் அடுத்த நிமிஷமே அவன் `Forgot password?` அழுத்தித் திரும்ப வந்துவிடுவான்.

இமெயிலை ஹேக்கர் இரண்டு மூன்று முறை மாற்றியிருந்தாலும் உங்களுக்கு வருவது முதல் மாற்றத்தின் மெயில் மட்டும்தான். இரண்டாவது மாற்றத்தின்போது ‘பழைய இமெயில்’ என்பது ஏற்கனவே அவனுடையது, அந்த மெயில் அவனுக்குத்தான் போகும். ‘எனக்கு ஒரே ஒரு மெயில்தான் வந்தது’ என்று குழம்ப வேண்டாம்.

## அறிகுறி 3: லிங்க் அழுத்தினால் வேறு எதுவோ திறக்கிறது, அல்லது காலாவதி என்கிறது

இதிலும் செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

வேறொருவர் ஐடி திறக்கிறதா? வண்ணாரப்பேட்டை அக்கா விஷயத்தில் இதுதான் நடந்தது. தம்பி போனில் லிங்கை அழுத்தினார். போனிலிருந்த இன்ஸ்டா ஆப் அதைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் சொந்த ஐடியைத் திறந்துவிட்டது. “லிங்க் வேலை செய்யலக்கா, என் ஐடிதான் வருது” என்று போனில் சொல்கிறார். லிங்கில் ஒரு குறையும் இல்லை, அது போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

தீர்வு: லிங்கை அழுத்திப் பிடித்து `Copy link` எடுங்கள். குரோமில் `New Incognito tab` திறந்து, அங்கே ஒட்டுங்கள். யார் ஐடியும் உள்ளே இல்லாத பக்கத்தில் அது சரியாகத் திறக்கும்.

லிங்க் பாதி அறுந்திருக்கிறதா? அடுத்து தம்பி செய்த காரியம், மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அக்காவுக்கு அனுப்பியது. படத்தில் இருக்கிற லிங்கை எப்படி அழுத்துவது? “சரி, லிங்கையாவது அனுப்பு” என்றதும், மெயிலில் கண்ணுக்குத் தெரிந்த நீல எழுத்தை மட்டும் காப்பி செய்து அனுப்பினார். அதில் முகவரியே இல்லை. இந்த லிங்குகள் நீளமானவை, கடைசியில் வருகிற எழுத்துக் குவியல்தான் சாவி. ஒரு எழுத்து விட்டாலும் பிழை என்றுதான் வரும்.

மெயிலை ஃபார்வர்டு செய்யவும் நான் சொல்வதில்லை. அந்த லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கணக்கு. மெயில் இருக்கிற ஜிமெயிலை, உங்கள் போனிலேயே இன்காக்னிடோவில் அதன் சொந்தக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லாகின் செய்யுங்கள். தம்பி மாலை ஷிஃப்ட் போகும் முன் கடைக்கே வந்துவிட்டார். அக்காவின் போனில் அவர் ஜிமெயிலைத் திறந்து, அங்கிருந்தே லிங்கை எடுத்தோம். பழகிய போன் என்பதால் இடையில் எதுவும் கேட்கவில்லை. புது பாஸ்வேர்டு போடும் பக்கம் நேராக வந்தது.

உண்மையிலேயே காலாவதி ஆகிவிட்டதா? முழு லிங்கையும் இன்காக்னிடோவில் ஒட்டியும் பிழை வருகிறது என்றால், யாரோ ஏற்கனவே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் அல்லது அதன் நேரம் முடிந்துவிட்டது. பதற்றத்தில் நீங்களே ஒருமுறை அழுத்திவிட்டுப் பாதியில் மூடியிருக்கலாம். திரும்பத் திரும்ப அழுத்துவதில் பலன் இல்லை. அதே இரவில் வந்த மற்ற மெயில்களின் லிங்கை, இதே முறையில், ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். அவற்றில் ஒன்று உள்ளே விட்டால், வேறெதையும் தொடாமல் முதலில் இமெயிலை மாற்றுங்கள். எதுவும் விடவில்லை என்றால் கீழே இருக்கிற வழிதான்.

## அறிகுறி 4: லிங்க் வேலை செய்தது, ஆனால் 6 இலக்கக் கோடு கேட்கிறது

இது கொஞ்சம் கெட்டிக்கார ஹேக்கர். இமெயிலை மாற்றிய கையோடு, தன் போனிலிருக்கிற ஆதென்டிகேட்டர் ஆப்பை வைத்து இரட்டைப் பூட்டு போட்டுவிட்டான். இமெயில் உங்களுடையதாகத் திரும்பியிருக்கும், பாஸ்வேர்டும் உங்களுடையது, ஆனால் கோடு அவன் போனில் இருக்கிறது.

முதலில், முன்பு நீங்களே இரட்டைப் பூட்டு போட்டிருந்தீர்களா, அப்போது காட்டிய பேக்கப் கோடுகளை எங்காவது படம் பிடித்து வைத்தீர்களா என்று போன் கேலரியில் தேடுங்கள். அவை 8 இலக்க எண்கள். ஹேக்கர் அதை மாற்றாமல் விட்டிருந்தால் அதுவே போதும்.

இல்லையென்றால், கோடு கேட்கும் பக்கத்திலேயே `Try another way` இருக்கும். அதற்குள் உதவி கேட்கும் வழி வரும். அது வராவிட்டால் பிரௌசரில் `instagram.com/hacked` போய், கணக்கு ஹேக் ஆகிவிட்டது என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே இரண்டு கிளை.

கணக்கில் உங்கள் முகம் தெரிகிற படங்கள் இருந்தால், வீடியோ செல்ஃபி கேட்கும். சொல்கிற திசையில் தலையைத் திருப்ப வேண்டும். நல்ல வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள். கடைக்குள் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்து நிராகரிக்கப்பட்ட ஒருவரை வாசல் வெயிலில் நிற்கவைத்து எடுத்ததும் வேலை முடிந்தது. பதில் எந்த இமெயிலுக்கு வர வேண்டும் என்று கேட்கும். ஹேக்கர் கைபடாத ஒரு இமெயிலைக் கொடுங்கள்.

புடவைப் படம் மட்டுமே போட்ட கணக்கு என்றால் செல்ஃபிக்கு ஒப்பிட முகம் இல்லை. அப்போது எந்த இமெயில் அல்லது எண்ணில் கணக்கு திறந்தீர்கள், எந்த வகை போனில் திறந்தீர்கள் என்று கேட்பார்கள். ‘தம்பி திறந்து கொடுத்தான்’ ரகக் கணக்குகள் இங்கேதான் தோற்கின்றன, ஏனென்றால் யாருக்கும் ஞாபகம் இல்லை. கணக்கு திறந்த நாளில் வந்த வரவேற்பு மெயில் அந்தப் பழைய ஜிமெயிலில் கிடந்தால் அதிலிருந்து தேதியையும் இமெயிலையும் எடுக்கலாம். ஒருமுறை நிராகரித்தால் அதோடு முடிந்தது என்று விட வேண்டாம், மறுபடி அனுப்பலாம்.

## அறிகுறி 5: மீட்டாகிவிட்டது, மதியத்துக்குள் திரும்பப் போய்விட்டது

அக்காவுக்கு இதுவும் நடந்தது. மாலை மூன்றரைக்கு உள்ளே போனோம், புது பாஸ்வேர்டு போட்டோம், இமெயிலை அக்காவின் ஜிமெயிலுக்கு மாற்றினோம். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போன்: “தம்பி, மறுபடியும் வெளிய தள்ளிட்டான்.”

தப்பு என்னுடையது. கணக்கில் அவன் சேர்த்த வேறு ஒரு கதவை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த முறை மீட்பது சுலபமாக இருந்தது. கணக்கில் இப்போது அக்காவின் இமெயில் இருந்ததால், அவன் மறுபடி மாற்றியபோது புது மெயில், புது லிங்கோடு, அக்காவின் ஜிமெயிலுக்கே வந்தது. அதே இன்காக்னிடோ வழியில் ஐந்து நிமிஷத்தில் திரும்ப உள்ளே வந்துவிட்டோம். பிறகு வரிசையாகப் பார்த்தோம். எல்லாமே ஆப்பின் செட்டிங்ஸில் `Accounts Center` உள்ளே இருக்கிறது:

`Personal details` உள்ளே `Contact info`. இமெயில் மட்டுமல்ல, போன் எண்ணையும் பாருங்கள். இமெயிலைத் திருப்பினாலும் அவன் சேர்த்த எண் அப்படியே நிற்கலாம். அக்காவின் கணக்கில் தெரியாத வெளிநாட்டு எண் ஒன்று இருந்தது. அந்த எண்ணுக்குக் கோடு வரவழைத்தே அவன் மறுபடி நுழையலாம்.

`Accounts`. உங்கள் இன்ஸ்டாவோடு எந்தெந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்ற பட்டியல். அக்காவுக்கு ஃபேஸ்புக்கே கிடையாது, ஆனால் அங்கே யாரோ ஒருவருடைய ஃபேஸ்புக் உட்கார்ந்திருந்தது. இணைந்த ஒரு கணக்கை வைத்து மற்றதில் லாகின் செய்ய முடியும் என்பதால், இன்ஸ்டா பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அவனுக்குக் கவலை இல்லை. நான் விட்ட கதவு இதுதான். நீக்கினோம்.

`Password and security` உள்ளே `Where you're logged in`. உங்கள் போனைத் தவிர எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அதே இடத்தில் `Two-factor authentication` திறந்து, தெரியாத ஆப் அல்லது எண் இருந்தால் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுத்து, காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

இதே பகுதியில் `Recent emails` என்று ஒன்று இருக்கிறது. இன்ஸ்டா உண்மையில் அனுப்பிய மெயில்கள் மட்டும் அங்கே பட்டியலாகும். இனிமேல் சந்தேகமான மெயில் எது வந்தாலும் இங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்டாலே போதும், அறிகுறி 2-இன் பாடெல்லாம் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் திரும்பப் போகிறது என்றால் குறை இன்ஸ்டாவில் இல்லை, ஜிமெயிலிலோ போனிலோ இருக்கிறது. ஜிமெயில் ஃபில்டரைத் திரும்பப் பாருங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே யாரோ அனுப்பி ஏற்றிய ஆப் போனில் இருந்தால் நீக்குங்கள். அப்போதும் தொடர்ந்தால் படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போவது நியாயம்.

## எப்போது வேறு ஆளிடம் போக வேண்டும்

எங்களைப் போன்ற கடைக்காரர் செய்யக்கூடியது மேலே சொன்னவைதான், அதற்கு மேல் எங்களிடம் எந்தச் சாவியும் இல்லை. இன்ஸ்டாவில் தெரிந்த ஆள் இருக்கிறார், 5,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுக் கொடுப்பார் என்று யாராவது சொன்னால் அவரும் அதே ஹேக்கரின் பங்காளியாகத்தான் இருப்பார். பணம் போன பிறகு ‘இன்னும் ஒரு கோடு சொல்லுங்க’ என்பார்.

உங்கள் பெயரில் ஃபாலோயர்களிடம் பணம் வாங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். பணம் போனவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். அவர்தான் கூப்பிட வேண்டும், ஏனென்றால் பரிவர்த்தனை எண் அவரிடம்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும். நீங்கள் `cybercrime.gov.in`-இல் கணக்குத் திருட்டுப் புகாரைத் தனியாகப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் வரும். இரண்டுக்கும் 3 வருஷம் வரை சிறை. நேரில் பேச வேண்டுமென்றால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குப் போகலாம், வண்ணாரப்பேட்டையிலிருந்து தூரமில்லை.

போகும்போது அந்த மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள். லிங்க் செத்துப் போயிருந்தாலும் மெயில் சாட்சி, அதில்தான் மாற்றம் நடந்த நேரம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் `Show original` போய் `Download Original` அழுத்தினால் முழு மெயிலும் ஒரு கோப்பாக இறங்கும், அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேக்கர் போட்ட பதிவுகள், இப்போதைய யூசர்நேம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட், பணம் கேட்ட மெசேஜ் இவற்றையும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். அக்கா தம்பியிடமிருந்து வாங்கிய அந்த வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட் லிங்கை அழுத்த உதவவில்லை, ஆனால் புகாரில் ஒட்ட உதவியது.